தென்காசி, குற்றாலம் சலூன்களில் புதிதாகக் கத்தரி பிடித்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

தென்காசியிலும் குற்றாலத்திலும், பக்கத்தில் இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைக் கடைகளிலும் மூத்தவர்களிடம் தொழில் பழகி, இப்போதுதான் தனி நாற்காலி பிடித்திருக்கிறீர்கள். நானும் இதே தொழிலில் முடி நரைத்தவன். எல்லா வேலையைப் பற்றியும் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறெங்கோ, வேறு யாரோ கோணலாக வெட்டிய முடியோடு ஒருவர் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் சரி பண்ணித் தாங்க" என்கிறாரே, அந்த வேலை.

நம் ஊரில் இந்த வேலை அதிகம் வருவது ஜூன் மாதத்தில். பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் அருவியில் தண்ணீர் விழத் தொடங்கும் நேரமும் இங்கே ஒன்றாக வந்து சேர்கின்றன. வீட்டில் அண்ணனோ அப்பாவோ டிரிம்மரால் வெட்டிவிட்ட பிள்ளைகள் ஒரு பக்கம் வருவார்கள். குளிக்க வந்த இடத்தில், வண்டிக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தி அரைகுறையாக வெட்டிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம் வருவார்கள். இரண்டு கூட்டமும் கேட்பது ஒன்றுதான்: பிடரி ஓரம் சாய்ந்திருக்கிறது, கிருதா ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருக்கிறது, காதுக்குப் பின்னால் திட்டுத்திட்டாக இருக்கிறது, சரி செய்ய வேண்டும்.

இந்த வேலையில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இடது பக்கம் உயரமாக இருந்தால் வலது பக்கத்தை ஏற்றுவார்கள். ஏற்றியது ஒரு நூல் கூடிவிடும். உடனே இடதை ஏற்றுவார்கள். இப்படி மாற்றி மாற்றி ஏற்றி, கடைசியில் காதுக்கு மேல் நான்கு விரல் அளவுக்கு வெள்ளைத் தோல் தெரிந்து, உச்சி முடி மட்டும் தொப்பி போலத் தனியாக நிற்கும். வந்தபோது ஒரு சென்டிமீட்டர் கோணல்; போகும்போது வேறு தலை. இப்படி நடக்காமல் இருக்க என்ன வரிசையில் வேலை செய்வது, எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதைத்தான் இந்த மடலில் சொல்ல வருகிறேன்.

முதலில் தலையைக் காயவையுங்கள். இது குற்றாலத்துக் கடைகளுக்கு மிக முக்கியம். பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துவிட்டு, எண்ணெய் தேய்த்த தலையோடு, துண்டால் துவட்டியும் துவட்டாமலும் வந்து உட்காருவார்கள். நனைந்த முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகத் தொங்கும். நீளம் கூடித் தெரியும். காய்ந்ததும் மேலே ஏறும், சுருள்முடியாக இருந்தால் இன்னும் அதிகமாக ஏறும். ஈரத்தில் மட்டம் பார்த்து வெட்டியது காய்ந்தபின் மட்டமாக இருக்காது. எண்ணெய் முடி அதைவிட மோசம். அது தோலோடு படிந்து கிடப்பதால் மெஷின் மேலாக வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் எடுத்துவிட்டதாக நினைக்கும் முடி மறுநாள் தலைக்குக் குளித்ததும் எழுந்து நிற்கும். எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு அலசி, டிரையரால் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். சீப்பால் வாரும்போது முடி கற்றையாக வராமல் இழை இழையாகப் பிரிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். சாரல் நாட்களில் காற்றே ஈரமாக இருப்பதால் இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, உட்காரும் விதம். கால்மேல் கால் போட்டிருந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கும், அதோடு தோளும் கழுத்தும் சாயும். அப்படி இருக்கும்போது நேராக எடுத்த பிடரிக் கோடு அவர் எழுந்ததும் கோணலாகும். இரண்டு காலையும் ஊன்றச் சொல்லி, தலையை நேராக வைத்து, பின்னால் நான்கு அடி தள்ளி நின்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் முடி தெரியும். தள்ளி நின்று பார்த்தால்தான் வடிவம் தெரியும். முடிந்தால் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நேரில் கண்ணுக்குத் தப்பும் கருந்திட்டுகள் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

பார்க்கும்போது ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: கோணல் ஓரத்தில் இருக்கிறதா, கலப்பில் இருக்கிறதா, அல்லது முடியே குறைந்துபோயிருக்கிறதா? ஓரம் சாய்ந்திருந்தால் இன்றைக்கே சரி செய்யலாம். சின்ன முடியும் பெரிய முடியும் சேரும் இடத்தில் படிக்கட்டு போலக் கோடு விழுந்திருந்தால் அதையும் இன்றைக்கே சரி செய்யலாம். ஆனால் ஓரிடத்தில் கார்டு கழன்று முடி அடியோடு போயிருந்தால், அதை நிரப்ப நம்மிடம் கருவி கிடையாது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒன்றாம் நம்பர் கார்டு 3 மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் 6 மில்லிமீட்டர் விடும். ஆக, ஒன்றில் போன இடம் இரண்டுக்கு வளர ஒன்பது, பத்து நாள் ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தால், எதை வெட்டித் தீர்ப்பது, எதை நாளுக்கு விடுவது என்று குழம்ப வேண்டியதில்லை.

இனி பிடரிக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் பிடரியில் முடி இயல்பாக முடியும் எல்லை ஒன்று உண்டு. அதைப் பார்த்துப் பழக நம் ஊரில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப சாமிமார் முடி வெட்டாமல், சவரம் செய்யாமல் இருந்து, சபரிமலை போய் வந்து மாலையைக் கழற்றியபின் நம் கடைக்கு வருவார்கள். அந்தத் தலைகளில் எல்லை முழுதாக வளர்ந்து நிற்கும். சிலருக்குப் பிடரி முடி கீழ்நோக்கி வளரும், சிலருக்கு இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வளரும், சிலருக்குச் சுழி இருந்து மேல்நோக்கியே வளரும். வெட்டுவதற்கு முன் விரலால் தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். கோணலாக வெட்டிய தலையில் இந்த எல்லை மறைந்திருக்கும். ஆனாலும் ஒளியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் கட்டை முடி எங்கே முடிகிறது என்பது தெரியும்.

ஓரம் சாய்ந்த பிடரியைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோட்டை நேராக்குவது. இன்னொன்று, கோட்டையே இல்லாமல் ஆக்குவது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் முதல் வழி போதும். நடுவில் முதலில் சிறு அடையாளம் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குப் போனால் கை போகப்போகச் சாயும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் லேசாக உருட்டிவிடுங்கள். கூர்மூலை சின்ன வித்தியாசத்தையும் பெரிதாகக் காட்டும்.

வித்தியாசம் அதற்கு மேல் இருந்தால் நேராக்கப் போகாதீர்கள். நேராக்க வேண்டுமானால் தாழ்ந்த பக்கத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் இயல்பான எல்லைக்கு மேலே வெறும் தோல் பட்டையாகத் தெரியும். மூன்று, நான்கு நாளில் அந்தப் பட்டையில் கட்டை முடி முளைத்து, கழுத்து அழுக்காக இருப்பதுபோல் காட்டும். அதற்குப் பதிலாகக் கோட்டைக் கரைத்துவிடுங்கள். எல்லைக்குக் கீழே உள்ள உதிரி முடியை மட்டும் டிரிம்மரால் எடுங்கள். பிறகு கார்டு இல்லாத மெஷினில் லீவரை மூடி, முடியின் எதிர்த்திசையில் ஒரு விரல் அகலம் வரை போய், கையை வெளிப்பக்கமாக வளைத்து எடுங்கள். அடுத்து லீவரைத் திறந்து இன்னொரு விரல் அகலம். அதற்கு மேல் ஒன்றாம் நம்பர் கார்டு. மூடிய லீவர் சுமார் அரை மில்லிமீட்டரும், திறந்த லீவர் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையும் விடும். மெஷினுக்கு மெஷின் சற்று மாறும். கருமை படிப்படியாகக் கூடும்போது எங்கே தொடங்கியது என்று கண்ணால் கோடு போட முடியாது. கோடு இல்லாவிட்டால் கோணலும் இல்லை. பழைய கோடு ஏறியிருந்த பக்கத்தில் அந்த இடம் எப்படியும் சின்ன முடிப் பட்டைக்குள்தான் விழும். அதனால் தனியாகத் தெரியாது.

கிருதாவில் மட்டம் பார்க்க நம்மில் பலர் காதை அளவாக வைக்கிறோம். அதை விட்டுவிடுங்கள். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பவர்கள் குறைவு. கண்ணாடி அணிபவரின் கண்ணாடிச் சட்டமும் காதில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதுவும் அளவாகாது. கண்ணின் வெளிமுனையையும் கன்னத்து எலும்பையும் பாருங்கள். வாடிக்கையாளருக்குப் பின்னால் நின்று, இரண்டு ஆள்காட்டி விரலையும் இரண்டு கிருதாவின் அடியில் படுக்கையாக வைத்து, முன்கண்ணாடியில் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறது என்பது கண்ணோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

இங்கே கையின் பழக்கம் ஒன்று நம்மை ஏமாற்றும். சவரத்துக்குத் தோலை இழுத்துப் பிடிப்பது நமக்குப் பழக்கம். கிருதாவில் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு கோடு போட்டால், கையை விட்டதும் தோல் கீழே இறங்கும், கோடும் இறங்கும். ஒரு பக்கம் அதிகம் இழுத்து மறு பக்கம் குறைவாக இழுத்திருந்தால் இரண்டும் வேறு உயரத்தில் நிற்கும். அதனால் இழுக்காமல் அடையாளம் வையுங்கள். அடையாளத்துக்குக் கீழே உள்ளதை எடுக்கும்போது மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். நீளமான கிருதாவைக் குட்டையாக்குவது சரிதான், ஆனால் ஒரே வெட்டாக வேண்டாம். அரைவாசி எடுத்துவிட்டு மறுபடியும் விரல் வைத்துப் பாருங்கள். கிருதாவின் முன் ஓரத்தில் உதிரி முடியை மட்டும் எடுத்தால் போதும். முகம் சரியில்லை என்று முன் ஓரத்தைப் பின்னுக்குத் தள்ளினால், தள்ளிய இடத்தில் வாரத்துக்குள் முள்முள்ளாக முளைத்து அவரை அடிக்கடி அங்கே சொறிய வைக்கும்.

மூன்றாவது இடமான காதுக்குப் பின்புறத்தில்தான் கெட்டிக்காரர்களும் தடுமாறுகிறார்கள். ஃபேட் வெட்டில் தோல் தெரிய எடுத்த பகுதியை நாம் ஸ்கின் என்கிறோம். அந்த ஸ்கின் காதோரத்திலிருந்து பிடரிக்கு அறுபடாமல் இறங்க வேண்டும். கோணல் வெட்டில் அது காதுக்குப் பின்னால்தான் அறுந்து நிற்கும். காரணம் எலும்பு. காதுக்குப் பின்னே விரலை வைத்தால் ஒரு புடைப்பு தெரியும், அதற்குக் கீழே ஒரு பள்ளம். தட்டையான மெஷின் அங்கே போகும்போது புடைப்பில் அழுந்தி முடியைக் கூடுதலாக எடுக்கும். பள்ளத்தைத் தொடாமல் தாண்டிப் போகும். புடைப்பில் வெள்ளை, பள்ளத்தில் கறுப்பு. நம் பிள்ளைகள் பள்ளத்துக் கறுப்பைப் பார்த்து, "இன்னும் எடுக்கணும்" என்று மெஷினை மேலே ஓட்டுகிறார்கள். கறுப்பு அப்படியே இருக்கும், வெள்ளை மட்டும் மேலே ஏறும்.

அந்த இடத்தை மறுபடியும் கட்டியெழுப்பும் முறை இது. இடது கையால் காதை முன்பக்கம் மடித்துப் பிடியுங்கள். டிரிம்மரின் ஒரு மூலையை மட்டும் வைத்து, காதின் வளைவைத் தொடர்ந்து உதிரி முடியை எடுங்கள். வளைவை மேலே பெரிதாக்க வேண்டாம். காது ஒட்டும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றால் போதும். பிறகு கார்டில்லாத மெஷினை மூடிய லீவரில் வைத்து, முழு பிளேடையும் பதிக்காமல் மூலையில் உள்ள நாலைந்து பல்லை மட்டும் பள்ளத்தில் வைத்து, சிறு சிறு வீச்சாக எடுங்கள். அங்கே முடி பொதுவாகப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் சாய்ந்து வளரும். அதனால் மெஷினும் சாய்வாக, கழுத்துப் பக்கமிருந்து காதை நோக்கி ஏற வேண்டும். நேர் மேலே ஓட்டினால் பாதி முடி படுத்துக்கொண்டு தப்பிவிடும். இந்தப் பட்டை ஒரு விரல் அகலம் வந்ததும் நிறுத்திவிட்டு, லீவரைப் பாதி திறந்து அதற்கு மேல் அரை விரல், முழுதும் திறந்து இன்னும் அரை விரல், பிறகு ஒன்றாம் நம்பர் கார்டு என்று ஏறுங்கள்.

இடையில் கறுப்புக் கோடு நின்றால், கோட்டுக்கு மேலே போகாதீர்கள். கோட்டில் மட்டும், அதற்கு அடுத்த சின்ன அளவை வைத்து, பிளேடின் மூலையால் தொட்டுத் தொட்டு எடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் நிறுத்திவிட்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள முடியும் கறுத்த இடத்து முடியும் ஒரே உயரமாகக் கையில் பட்டால், அது நீளக் குறை இல்லை; அங்கே முடி அடர்த்தி அதிகம் அல்லது தோலின் நிறம் கறுப்பு. வெளிச்சத்தின் நிழலாகவும் இருக்கலாம். நாற்காலியைத் திருப்பிப் பார்த்தால் நிழல் இடம் மாறும். நீளம் சரியாக இருக்கும் இடத்தில் மேலும் எடுத்தால் அடுத்த நாள் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். மெஷின் ஓடி ஓடிச் சூடாகியிருக்கிறதா என்பதையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னே தோல் மெல்லியது, சூட்டைத் தாங்காது. ஈரக்காற்றுள்ள நம் ஊரில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் விடாத பிளேடு முடியை வெட்டாமல் பிடுங்கும். அதனாலும் கோடு விழும்.

இதையெல்லாம் ஒரு தலையில் வைத்துப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மாலை வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளி. வீட்டில் அண்ணன் டிரிம்மரால் வெட்டியிருக்கிறான். பிடரிக் கோடு வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. வலது கிருதா காதின் நடுவரை இருக்கிறது. இடது கிருதா காது தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிட்டது. பக்கவாட்டில் வலம் இரண்டாம் நம்பர், இடம் ஒன்றாம் நம்பர். இடது காதுக்குப் பின்னால், காதோரத்திலிருந்து இரண்டு விரல் மேலே, கார்டு கழன்று ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி அடியோடு போயிருக்கிறது. பையன் தலையைக் குனிந்தே இருக்கிறான்.

இங்கே நீங்கள் கேட்க வேண்டியது: பார்ப்பவர் கண்ணுக்கு எவை இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும்? முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கிருதாவும் சேர்ந்தே தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் பிடரியின் இரண்டு மூலையும் சேர்ந்தே தெரியும். அங்கே வித்தியாசம் இருக்கக் கூடாது. காதுக்குப் பின்புறம் அப்படியில்லை. அதை நேராகப் பார்க்க ஒரு பக்கமாகத்தான் வர வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் சரிவாகத்தான் தெரியும். அங்கே ஒரு பக்கத்துக் குறையை மறு பக்கத்திலும் உண்டாக்க வேண்டிய அவசியமில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி முடி மிஞ்சும்.

ஆகவே முதலில் பக்கவாட்டு நீளம். வலத்தை ஒன்றாம் நம்பருக்கு இறக்கினால் இரண்டும் சமம். ஆனால் இடப்பக்கத்தில் ஒன்றாம் நம்பர் எவ்வளவு உயரம் போயிருக்கிறதோ அதற்கு மேல் வலப்பக்கத்தில் போகக் கூடாது. மேலே உள்ள முடியோடு சேரும் இடத்தைச் சீப்பும் கத்தரியும் வைத்துக் கலந்துவிடுங்கள். அடுத்து கிருதா. இடது கிருதாவை நீட்ட முடியாது. வலதை ஒரே கோடாக அந்த உயரத்துக்கு வெட்டினால் முகம் மொட்டையாகத் தெரியும். இரண்டின் அடியையும் ஒரு விரல் அகலத்துக்கு மூடிய லீவரிலிருந்து திறந்த லீவர் வரை கரைத்துவிட்டு, கருமை தொடங்கும் இடம் மட்டும் கண்ணின் வெளிமுனைக்கு ஒரே அளவில் இருக்கும்படி பாருங்கள். வலதில் மெல்லிய முடி கொஞ்சம் கீழே மிஞ்சியிருந்தாலும் அது கண்ணில் படாது.

மூன்றாவது பிடரி. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை நேராக்க வேண்டாம். வலப்பக்கத்து இயல்பான எல்லையை அப்படியே வைத்து, முன்பு சொன்னபடி கோட்டைக் கரையுங்கள். இடப்பக்கத்தில் எல்லைக்கும் அண்ணன் போட்ட கோட்டுக்கும் நடுவே முளைத்திருக்கும் கட்டை முடியை எடுத்துவிடாதீர்கள். அதுதான் இடப்பக்கத்தின் ஸ்கின் பட்டையாக வேலை செய்யப் போகிறது.

கடைசியாக அந்த நாணயத் திட்டு. இங்கேதான் கை துறுதுறுக்கும். திட்டு இருக்கும் உயரம் வரை முழுவதையும் ஜீரோ ஆக்கிவிட்டால் திட்டு மறையும்தான். ஆனால் பையனின் பக்கத் தலையில் பாதி போய்விடும். அப்படிச் செய்யாமல், காதுக்குப் பின்னுள்ள ஸ்கின் பட்டையை ஒரு விரலில் நிறுத்துங்கள். திட்டைச் சுற்றி, திட்டுக்கு வெளியே அரை விரல் வரை, திறந்த லீவரில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறக்கி, வெளி ஓரத்தை ஒன்றாம் நம்பரோடு கலந்துவிடுங்கள். திட்டின் கூர்மையான விளிம்பு மங்கிவிடும். ஐந்து நாளில் திட்டு முடி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்துவிடும், ஆனால் சுற்றியுள்ளதும் அந்த அளவு வளர்ந்திருக்கும். அதனால் அடுத்த வார இறுதியில் அவனை வரச் சொல்லி, சுற்றியுள்ளதை மட்டும் ஒருமுறை இறக்கி மட்டமாக்குங்கள். அன்றைக்குத் திட்டு காணாமல் போகும். இதை அவனிடமும் கூட வந்த அம்மாவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "இன்னைக்கு முக்கால்வாசி மறையும், அடுத்த வாரம் முழுசா சரியாகும், அதுக்குத் தனியா காசு வேண்டாம்." பாதியில் நிறுத்தியது தெரிந்தே செய்தது என்று அவர்களுக்கு அப்போது புரியும்.

இனி கத்தியைப் பற்றி. ஓரம் எடுத்ததும் அரை பிளேடு மாட்டிய கத்தியால் பிடரியையும் காதோரத்தையும் மழிப்பது நம் கடைகளில் வழக்கம். செய்யலாம், ஆனால் எல்லாத் தலைக்கும் அல்ல. பிடரியில் சிறு சிறு முண்டுகள் இருப்பவரை உங்களுக்குத் தெரியும். ஒட்ட மழிக்க மழிக்க அந்த முண்டுகள் பெருகி, சிலருக்குத் தழும்பாகத் தடித்தும் போகும். அவருக்குக் கத்தி வேண்டாம். டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். காது மடலுக்குப் பின்னே மடிப்பில் சிவந்து செதில் உதிர்ந்தாலும், வெடித்து நீர் கசிந்தாலும், வட்டமாக ஓரம் சிவந்து அரிக்கும் படர்தாமரை இருந்தாலும் அங்கே ஸ்கின் எடுக்கவே கூடாது. மழை நாளில், ஈரத் துண்டும் ஈரச் சட்டையுமாக இருப்பவர்களுக்கு இவை கூடுதலாக வரும். "இது ஆறட்டும், டாக்டரிடம் காட்டுங்க, அப்புறம் எடுத்துத் தாரேன்" என்று சொல்லி, அந்த இடத்தைக் கத்தரியால் குட்டையாக்கி விடுங்கள். அந்தத் தலையில் பட்ட மெஷின் பிளேடையும் சீப்பையும் கிருமிநாசினியில் துடைக்காமல் அடுத்த தலையில் வைக்காதீர்கள்.

கத்தி வைக்கக்கூடிய தோலாக இருந்தால், வாடிக்கையாளர் பார்க்கப் புது பிளேடு மாட்டுங்கள். நுரை தடவி, முடி வளரும் திசையிலேயே, கத்தியைப் படுக்கையாக வைத்து எடுங்கள். காது மடலின் அடியில் வெட்டு விழுவதெல்லாம் பிளேடின் மூலையால்தான். அங்கே மூலை படாமல் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். அருவியில் வெகுநேரம் நின்று வந்தவரின் தோல் ஊறிப் பொதுபொதுவென்று இருக்கும், கத்தி சட்டென்று இறங்கும். அவருக்கு டிரிம்மர் போதும். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன்: ஒரே படிக்காரக் கல்லை எல்லார் கழுத்திலும் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவுவது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் அதற்குப் போதும். படிக்காரத்தைப் பொடித்து வைத்து, ஆளுக்கு ஒரு பஞ்சில் தொட்டு ஒற்றி எறியுங்கள்.

தம்பிகளே, செவ்வாய்க்கிழமை நமக்கு விடுமுறை. அன்றைக்கு ஒருவர் தலையை ஒருவர் எடுத்து இந்த வரிசையைப் பழகுங்கள்: காயவைப்பது, தள்ளி நின்று பார்ப்பது, நீளத்தைச் சமமாக்குவது, கிருதா, பிடரி, கடைசியில் காதுக்குப் பின்புறம். ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இதை ஏற்றாமல் சரி செய்ய வழி இருக்கிறதா?" என்று உங்களையே கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் நிறுத்துங்கள், நிறுத்தியதற்குக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சீசனில் வரிசை எவ்வளவு நீண்டாலும், கோணலைத் திருத்த வந்த தலைக்கு உரிய நேரத்தைக் குறைக்காதீர்கள். நேரம் இல்லையென்றால் வேலையை ஏற்காமல் மறுநாள் வரச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே ஒரு கடையிலோ வீட்டிலோ ஏமாந்து வந்தவர். இரண்டாவது முறை அவர் ஏமாறக் கூடாது. அந்தப் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த அண்ணன் ஒருவன்,
தென்காசி